முதல் தாள் எங்கே?

குளச்சலுக்குப் பக்கத்தில் 8 சென்ட் இடம் வாங்கப்போவதாகச் சொல்லி 2024ன் கடைசியில் ஒரு தம்பி என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து தந்தான். பத்து வருடமாக வளைகுடாவில் வெல்டிங் வேலை. மனைவி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சென்ட் 4 லட்சம் என்று பேசி, 2 லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டார்கள்.

"வில்லங்கம் சுத்தம்னு புரோக்கர் சொல்லுகாரு அக்கா. வக்கீலும் பாத்தாச்சு. ஆனாலும் நீங்க ஒருக்கா வாசிச்சுச் சொன்னா மனசுக்கு ஒரு தெம்பு."

நான் வக்கீல் அல்ல. களப்பணியில் பட்டா, பத்திரம், நில உத்தரவு என்று பார்த்துப் பார்த்து வாசிக்கப் பழகியவள். வாங்குகிறவர்களுக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுப்பேன். இந்த இடம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்தத் தாளால் வந்தது, இப்போது அதன் மேல் என்ன பாரம் இருக்கிறது, சங்கிலியில் எங்கே கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று நான்கு விஷயங்கள் அதில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனால் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

அந்தத் தம்பியின் கவரில் இருந்ததை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் சர்வே எண்ணையும் விட்டுவிடுகிறேன்.

கவரில் என்ன இருந்தது

2012ஆம் ஆண்டு கிரயப் பத்திரத்தின் நகல். இப்போது விற்கிறவர் வாங்கிய பத்திரம் அது. அதற்கு முந்தைய 2004ஆம் ஆண்டு பாகப் பிரிவினைப் பத்திரம். விற்கிறவர் பெயரில் பட்டா. கடைசியாக, 1994 முதல் 2024 வரை 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழ்.

பத்திரத்தை முன்னாலிருந்து வாசிக்கக் கூடாது, பின்னாலிருந்து வாசிக்க வேண்டும். இன்று விற்கிறவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று ஒவ்வொரு படியாகப் பின்னே போக வேண்டும். ஒவ்வொரு பத்திரத்திலும் சொத்து எப்படிக் கிடைத்தது என்று விற்கிறவர் சொல்லும் ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தி அடுத்த படியைக் காட்டும்.

2012 பத்திரத்தில் அது சரியாகவே இருந்தது. "2004ஆம் ஆண்டு பாகப் பிரிவினைப் பத்திரப்படி எனக்குக் கிடைத்தது" என்று ஆவண எண்ணோடு எழுதியிருந்தார்கள். 2004 பத்திரத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள் 40 சென்ட் இடத்தை ஆளுக்கு 20 சென்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். "எங்கள் தகப்பனார் 1983ஆம் ஆண்டு கிரயம் பெற்று அனுபவித்து வந்தது, அவர் 1998ல் காலமான பின் எங்களைச் சேர்ந்தது" என்று இருந்தது.

அந்த 1983 பத்திரம் கவரில் இல்லை. வில்லங்கச் சான்றிதழிலும் இல்லை. 1994லிருந்து மனு போட்டால் 1983 எப்படி வரும்? 30 வருடம் பார்த்தால் போதும் என்பது வழக்கம். அது சட்டத்தின் எல்லைக்கோடு கிடையாது. வங்கிகளும் வக்கீல்களும் வசதிக்காக வைத்துக்கொண்ட கணக்கு அது. தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களுக்கு 1975 முதலான பதிவுகளை tnreginet.gov.in தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதனால் 1975லிருந்தே மனுப்போடச் சொன்னேன். 1983 பதிவு வந்தது. அதன் சான்றிட்ட நகலுக்கும் மனுக் கொடுத்து வாங்கினோம்.

1983 பத்திரத்தை வாசித்தது

மூன்று பக்கம்தான். எழுதிக் கொடுத்தவர் ஒரு கூலித் தொழிலாளிப் பெண். கைநாட்டு. சாட்சிக் கையெழுத்து அவருடைய மகன். எழுதி வாங்கியவர் ஒரு தேங்காய் வியாபாரி.

முதலில் தேடியது, இந்தப் பெண்ணுக்கு இடம் எப்படி வந்தது என்ற பத்தியை. "எனக்குப் பாத்தியப்பட்டு நாளதுவரை என் கைவச அனுபவத்தில் இருந்துவரும்" என்று மட்டும் இருந்தது. முன்பத்திரம் எதுவும் சொல்லப்படவில்லை. பூர்வீகமா, வாங்கியதா, தானமாக வந்ததா என்று எதுவும் இல்லை. ஒரு பத்திரம் இப்படி மூலத்தைச் சொல்லாமல் கடந்து போனால், அங்கே பேனாவால் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம் கொடுத்த விதம். "முன்பு பலதவணையாக நான் தங்களிடம் கைமாற்றாகப் பற்றிய தொகையில் நேர்செய்துகொண்டது" என்று இருந்தது. பதிவு நாளன்று அந்தப் பெண்ணின் கையில் காசு வரவில்லை. கடனுக்கு ஈடாகத்தான் நிலம் போயிருக்கிறது.

மூன்றாவது எல்லை. நான்கு எல்லைகளில் வடக்கு எல்லை "அரிஜன காலனிப் பாதை" என்று எழுதியிருந்தது. "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக 2025ல் முதலமைச்சர் அறிவித்தார். எடுக்க வேண்டிய சொல்தான். ஆனால் பழைய பத்திரத்தின் எல்லை வரியில் அது இருக்கும்போது நமக்கு ஒரு துப்பு.

கூலித் தொழிலாளிப் பெண், மூலம் சொல்லாத 40 சென்ட், பக்கத்தில் சேரி. ஒன்றுசேர்த்துப் பார்த்தால் இது அரசு ஒப்படை செய்த நிலமாக இருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதைக் குறிப்பில் எழுத முடியாது. தாள் வேண்டும்.

வில்லங்கத்தில் ஏன் வரவில்லை

வில்லங்கச் சான்றிதழ் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் அந்தச் சொத்தின் பேரில் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்ற பட்டியல். பதிவாகாத எதுவும் அதில் வராது. வாய்மொழிப் பங்கு வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. உயில் பதிவாகியிருந்தாலும் அது மூன்றாம் புத்தகம்.

இந்தப் பட்டியலில் நம் மக்களுக்கு மிக முக்கியமானது வேறொன்று. பதிவுச் சட்டம் 1908ன் 90ஆம் பிரிவு, அரசு செய்யும் நில ஒப்படைகளைப் பதிவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வட்டாட்சியர் ஒரு குடும்பத்துக்கு நிலம் கொடுத்து உத்தரவு போட்டால் அதைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. அப்படிப்பட்ட ஆவணங்களை, 48, 49 பிரிவுகளின் நோக்கத்துக்கு, பதிவானதாகவே கருத வேண்டுமாம். சட்டத்தின் கண்ணில் அது பதிவான தாள். வாங்குகிறவர் எடுக்கும் சான்றிதழில் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே "வில்லங்கம் இல்லை" என்று சான்றிதழ் வந்தால், பதிவு அலுவலகத்தின் புத்தகத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். வருவாய்த் துறையின் புத்தகத்தை அது திறந்துகூடப் பார்க்கவில்லை.

பதிவு ஆகிவிட்டதே, அதிகாரி பார்த்திருப்பாரே என்று நினைப்பவர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. எழுதிக் கொடுக்கிறவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை இல்லை. பதிவு செய்ததால் இல்லாத உரிமை வந்துவிடாது.

வருவாய்த் துறையின் புத்தகம்

முதலில் கிராமத்தின் 'அ' பதிவேடு பார்த்தோம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அது அரசு நிலமா தனியார் நிலமா, பரப்பு எவ்வளவு, யார் பெயரில் என்று அதில் இருக்கும். கடைசியில் குறிப்புக்கு ஒரு கலம் உண்டு. eservices.tn.gov.in தளத்தில் இதன் விவரத்தைப் பார்க்கலாம். பார்த்தோம். தனியார் நிலம், பட்டா இன்னார் பெயரில், குறிப்புக் கலம் காலி.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள். இணையத்தில் இருப்பது பிற்காலப் பதிவேடு. 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது அன்றைக்கு அனுபவத்தில் யார் இருந்தார்களோ அவர்கள் பெயரில் பல பட்டாக்கள் மாறின. பழைய பதிவேட்டின் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகள் புதிய பதிவேட்டுக்கு எப்போதும் வந்துசேர்வதில்லை. எண்ணும் மாறியிருக்கும். நம் மாவட்டத்துப் பத்திரங்களில் பழைய சர்வே எண், ரீசர்வே எண் என்று இரண்டும் எழுதுவது அதனால்தான். பழைய எண்ணை எடுத்துக்கொண்டு பழைய பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் வில்லை ஒட்டி, மூன்று கேள்வி மட்டும் கேட்டோம். இந்தப் பழைய சர்வே எண்ணுக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல் வேண்டும். இந்த எண்ணில் நில ஒப்படை ஏதும் நடந்திருந்தால் ஒப்படைப் பதிவேட்டின் அந்தப் பக்கம் வேண்டும். ஒப்படை உத்தரவின் நகல், நிபந்தனைகளோடு வேண்டும். விளக்கம் கேட்கக் கூடாது, நகல்தான் கேட்க வேண்டும்.

27ஆம் நாள் பதில் வந்தது. பழைய பதிவேட்டில் அந்த நிலம் புறம்போக்குத் தரிசு. 1974ல் 40 சென்ட் அந்தப் பெண்ணுக்கு ஒப்படை. உத்தரவின் பின்பக்கத்தில் அச்சடித்த நிபந்தனைகள். 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகு விற்றாலும் பட்டியல் சாதியினருக்கே விற்க வேண்டும். மீறினால் நஷ்ட ஈடு இல்லாமல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

1974ல் கொடுத்த நிலம் 1983ல் கைமாறியிருக்கிறது. ஒன்பது வருடம். வாங்கியவர் பட்டியல் சாதி இல்லை. இரண்டு நிபந்தனையும் ஒரே பத்திரத்தில் மீறப்பட்டிருக்கின்றன. அந்தப் பெண் விற்க முடியாததை வியாபாரி வாங்கியிருக்கிறார். அவருக்கு வராதது அவருடைய மகன்களுக்கு வராது. மகனுக்கு வராதது 2012ல் வாங்கியவருக்கு வராது. அவரிடமிருந்து நம் தம்பிக்கு எதுவும் வராது. அதன் பிறகு போட்ட ஒவ்வொரு பத்திரமும் சுத்தமாக இருந்தாலும் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கிறது.

இது பஞ்சமி நிலமா?

விஷயம் தெரிந்ததும் எங்கள் வாசிப்பு வட்டத்துத் தம்பி ஒருவன் "பஞ்சமி நிலம் அபகரிப்பு" என்று போஸ்டர் எழுதத் தயாராகிவிட்டான். பொறு என்றேன்.

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892ல் வந்ததுதான் பஞ்சமி நில அரசாணை. அது சென்னை மாகாண அரசின் உத்தரவு. குளச்சல் அன்றைக்குத் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்த 1892 உத்தரவு இங்கே ஓடவில்லை. இங்கே நிலக் கேள்விக்கு வேறு வரலாறு இருக்கிறது. ஸ்ரீமூலம் பிரஜா சபையில் அய்யன்காளி புலையர்களுக்கு நிலம் கொடுங்கள் என்று கேட்டது அதன் ஒரு பக்கம். சங்கிலி 1956க்கு முன்னால் போனால் தாள்கள் மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் நமக்குத் தெரிந்த ஆண்டு வரும்.

நம் கையில் இருந்த 1974 ஒப்படை, தமிழ்நாட்டின் வருவாய் நிலை ஆணைப்படி கொடுத்தது. அதன் பலம் அதன் பின்பக்கத்து நிபந்தனையில்தான் இருக்கிறது. மனுவில் பஞ்சமி என்று எழுதினால் "இம்மாவட்டத்தில் பஞ்சமி நிலம் இல்லை" என்று ஒரு வரியில் பதில் எழுதி மூடிவிட முடியும். "1974ஆம் ஆண்டு நிபந்தனை ஒப்படை, நிபந்தனை மீறல்" என்று எழுதினால் அப்படி மூட முடியாது. பெயரைச் சரியாகச் சொல்வது போராட்டத்தின் சிறு வேலை கிடையாது.

"நாமளும் அந்த ஆளுங்கதானே அக்கா"

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி இது. அவன் சாம்பவர் குடும்பம். பட்டியல் சாதிக்கு விற்கலாம் என்றுதானே நிபந்தனை, நாங்கள் வாங்கினால் சரியாகிவிடாதா?

இரண்டு காரணத்தால் சரியாகாது. ஒன்று, நிபந்தனை பேசுவது ஒப்படை பெற்றவர் யாருக்கு விற்கலாம் என்பதைப் பற்றி. இப்போது விற்கிறவர் ஒப்படை பெற்றவர் இல்லை. அவரிடம் உரிமையே வந்து சேரவில்லை. வாங்குகிறவரின் சாதி, விற்கிறவரிடம் இல்லாத உரிமையை உண்டாக்காது.

இரண்டாவதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து கிறிஸ்தவம். 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர்கள் பட்டியல் சாதியில் வர மாட்டார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். தெருவில் யாரும் அவனை வேறு மாதிரி நடத்தியதில்லை. தாளில் மட்டும் அவன் வேறு ஆள். எங்கள் மாவட்டத்தில் பாதித் தலித் குடும்பங்களின் வீட்டு வாசலில் நிற்கிற பிரச்சினை இது. மூல ஒப்படைதாரரிடமிருந்தே நேராக வாங்கினாலும், உத்தரவில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். சில உத்தரவுகளின் வாசகம் மதம் மாறியவர்களையும் சேர்க்கலாம், சிலவற்றின் வாசகம் சேர்க்காமல் போகலாம். அதனால் நகலை வாசிக்காமல் யாரும் "நம்ம ஆளுக்குத்தானே" என்று உறுதி கொடுக்கக் கூடாது.

இன்னொரு ஓட்டை: கையெழுத்துப் போடாத மகள்

முதல் கண்ணியை மறந்துவிட்டுப் பார்த்தாலும் 2004 பாகப் பிரிவினையில் ஒரு குறை இருந்தது. தேங்காய் வியாபாரி கிறிஸ்தவர். உயில் எழுதாமல் 1998ல் இறந்தார். வாரிசுச் சான்றிதழ் கேட்டு வாங்கினோம். இரண்டு மகன்களோடு ஒரு மகளும் இருந்தார். பாகப் பத்திரத்தில் அந்த மகளின் பெயரே இல்லை.

"அவளுக்குக் கல்யாணத்துல ஸ்ரீதனம் குடுத்தாச்சு" என்று குடும்பத்தில் சொன்னார்களாம். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் இப்படித்தான் இருந்தது. மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்தாலோ கொடுப்பதாகச் சொன்னாலோ அதுவும் இல்லை. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு.

தீர்ப்பு வந்து 18 வருடம் கழித்தும் 2004ல் அந்தப் பத்திரத்தை எழுதியவருக்கு மகள் ஞாபகம் வரவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பச் சொத்து வாங்கும்போது, 1951க்குப் பிறகு இறந்த ஒவ்வொருவருக்கும் மகள்கள் உண்டா, அவர்கள் கையெழுத்து எங்கே என்று கேட்டே ஆக வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்த குறிப்பு

ஒரு பக்கம்தான். அப்படியே தருகிறேன்.

சொத்து: 8 சென்ட். மூலப் பரப்பு 40 சென்டின் ஒரு பகுதி.

உரிமை வந்த வழி: 1974 – அரசு ஒப்படை, 40 சென்ட், கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு (பதிவாகாதது, உத்தரவு நகல் இணைப்பு). 1983 – கிரயம், அவரிடமிருந்து வியாபாரிக்கு. 1998 – வியாபாரி இறப்பு. 2004 – பாகப் பிரிவினை, இரு மகன்களுக்கு. 2012 – கிரயம், மூத்த மகனிடமிருந்து இப்போது விற்பவருக்கு.

பாரம்: 2013ல் ஒரு வங்கியில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்து வாங்கிய கடன், வில்லங்கச் சான்றிதழில் உள்ளது. அதைத் தீர்த்ததற்கான ரசீது பதிவாகவில்லை. கடன் கட்டியாகிவிட்டது என்று விற்பவர் வாய்மொழியாகச் சொல்கிறார். அசல் பத்திரங்களைக் காட்டவில்லை.

குறை 1: 1983 கிரயம் ஒப்படை நிபந்தனைக்கு எதிரானது. 10 ஆண்டு முடியவில்லை, வாங்கியவர் பட்டியல் சாதி அல்லர். அரசு திரும்ப எடுக்க வழி உண்டு. பணம் கொடுத்துத் தீர்க்கக்கூடிய குறை அல்ல.

குறை 2: 2004 பாகப் பிரிவினையில் மகள் சேரவில்லை. அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் இந்தக் குறை தீரும். குறை 1 தீராது.

பார்க்காதவை: நீதிமன்ற வழக்குகள், நேரடி அளவை.

கருத்து: வாங்க வேண்டாம்.

"பார்க்காதவை" என்ற வரியைக் கவனியுங்கள். எதைப் பார்க்கவில்லை என்று எழுதாத குறிப்பு, எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று பொய் சொல்கிறது. அதே போலக் குறைகளைத் தரம் பிரிக்க வேண்டும். வங்கிக் கடன் ஒரு நாளில் தீரும். மகளின் கையெழுத்து ஒரு மாதத்தில் கிடைக்கலாம். முதல் குறை இந்தச் சங்கிலிக்குள் தீராது. மூன்றையும் ஒரே வரிசையில் எழுதினால் வாங்குகிறவர் மூன்றும் ஒரே எடை என்று நினைத்துவிடுவார்.

அந்தப் பெண்ணின் மகள்

ஒப்படை பெற்ற அம்மா இறந்துவிட்டார். அவருடைய மகள் அந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, 3 சென்டில் இருக்கிறார். வயது 70க்கு மேல். நான் போய்ப் பார்த்தேன்.

"எங்க அம்மைக்கு கெவர்மெண்டு குடுத்த எடம்லா மக்களே அது. அண்ணனுக்கு வயித்துல ஆப்பரேசன். அந்தப் பட்டாத் தாளக் குடுத்து ரூவா வாங்குனோம். பொறவு ரெஜிஸ்தர் ஆப்பீசுக்குக் கூட்டிட்டுப் போயி கைநாட்டு வாங்குனாவ. கடனுக்கு எழுதுகோம்னு அம்மை நெனச்சிருந்தா."

கடன் பத்திரம் என்று நினைத்துக் கிரயப் பத்திரத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார். மூன்று பக்கத்தில் ஒரு பக்கத்தையாவது யாராவது அவருக்கு வாசித்துச் சொல்லியிருந்தால்?

நிலம் திரும்பக் கிடைக்கும் என்று அவருக்கு நான் உறுதி சொல்லவில்லை. கர்நாடகத்தில் இதற்கென்றே 1978ல் தனிச் சட்டம் போட்டார்கள். பட்டியல் சாதியினருக்கு அரசு கொடுத்த நிலம் நிபந்தனையை மீறிக் கைமாறியிருந்தால், மீட்டு அந்தக் குடும்பத்துக்கே கொடுக்க அது வழி செய்கிறது. 1984ல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 2017ல் வேறொரு வழக்கில், மிகவும் தாமதமாக வந்து கேட்டால் கொடுக்க முடியாது என்றும் சொன்னது. அதன் பிறகு 2023ல் கால வரம்பு கிடையாது என்று கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. இங்கே வருவாய்த் துறை ஒப்படையை ரத்து செய்தால் நிலம் அரசுக்குத்தான் போகும். மறுபடியும் அந்தக் குடும்பத்துக்கே ஒப்படை செய்யுங்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும். இத்தனை வருட அனுபவத்தை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் காட்டும். 40 சென்டிலும் இப்போது வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் 'சுத்தமான' சான்றிதழைப் பார்த்து வாங்கியவர்கள்தான்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் அவர் மனுக் கொடுக்கலாம் என்றார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்திருக்கிறோம். நிலுவையில் இருக்கிறது.

தம்பி அந்த இடத்தை வாங்கவில்லை. முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. அந்த 8 சென்ட் இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. அதே 30 வருடச் சான்றிதழோடு இன்னொருவர் வருவார்.

அதைத் தடுக்கச் செய்ய வேண்டிய வேலை பெரியதல்ல. நிபந்தனை ஒப்படை உத்தரவுகளின் நகலை வட்டாட்சியர் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பி, முதல் புத்தகத்தில் கோப்பாக்கினால் போதும். வில்லங்கச் சான்றிதழின் முதல் வரியிலேயே அது வரும். நீதிமன்ற ஏலச் சான்றிதழ்கள் போன்ற சில ஆவணங்களுக்குப் பதிவுச் சட்டத்தின் 89ஆம் பிரிவு ஏற்கெனவே இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒப்படை உத்தரவையும் சேர்க்க மாநிலத் திருத்தம் கொண்டுவரலாம். நிலம் மீட்கும் கோரிக்கையோடு இந்தக் கோரிக்கையையும் நாம் எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து. மீட்பதற்கு ஒரு தலைமுறை ஆகலாம், அதற்குள் நிலம் இன்னும் நான்கு கை மாறிவிடும்.

அது வரும் வரை, உங்கள் ஊரில் யாராவது பத்திரக் கவரைக் கொண்டுவந்து "பாத்துச் சொல்லு" என்றால், முதலில் 1975லிருந்து வில்லங்கம் எடுங்கள். பின்னாலிருந்து வாசியுங்கள். மூலத்தைச் சொல்லாத பத்திரம் வந்ததும் நிறுத்தி, பழைய சர்வே எண்ணோடு 10 ரூபாய் மனு ஒன்றைப் போடுங்கள்.